பதினொரு பிள்ளைகளின் புள்ளிகள், இரண்டு காலணைகள்: எக்செல்லில் INC, EXC

கொக்குவிலில் தரம் 10 கணித வகுப்பு ஒன்றுக்கு நான் புள்ளிப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பதுண்டு. பதினொரு பிள்ளைகள்தான். தவணைப் பரீட்சை முடிந்ததும் ரீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று: முதலாம் காலணை, அதாவது புள்ளிகளை ஏறுவரிசையில் அடுக்கினால் கீழ்க் கால்வாசி முடியும் இடம், எவ்வளவு? அதற்குக் கீழே நிற்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையில் மேலதிக வகுப்பு வைக்க வேண்டும். நான் எக்செல்லில் பார்த்து 38 என்றேன். அவர் கொப்பியில் கையால் செய்து வைத்திருந்தது 34.

"தம்பி, உங்கட கம்பியூட்டர் எங்கயோ பிழை விடுது. நான் ரெண்டு தரம் பாத்திட்டன்."

"இல்லை ரீச்சர், நானும் ரெண்டு தரம் பாத்திட்டன்."

இரண்டு பேரும் பிழை விடவில்லை. எக்செல்லில் காலணை காண இரண்டு சார்புகள் இருக்கின்றன. நான் ஒன்றைப் போட்டிருந்தேன். ரீச்சரின் கை வழி மற்றதோடு பொருந்தியது. இப்போதுதான் விரிதாள் பழகத் தொடங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதையும், எதை எப்போது போடுவது என்பதையும் அதே பட்டியலை வைத்தே காட்டுகிறேன். நீங்களும் ஒரு வெற்று விரிதாளைத் திறந்து கூடவே செய்து பாருங்கள்.

முதலில் பட்டியலைப் போடுங்கள்

B2 தொடங்கி B12 வரை இந்தப் புள்ளிகளைப் பதிவேட்டில் இருக்கும் ஒழுங்கிலேயே தட்டச்சிடுங்கள்: 53, 34, 79, 18, 61, 47, 91, 27, 72, 42, 58. ஏறுவரிசைப்படுத்தத் தேவையில்லை, சார்பு அதைத் தானே பார்த்துக்கொள்ளும். பிறகு வேறு மூன்று கலங்களில் இவற்றைப் போடுங்கள்.

```
=QUARTILE.INC(B2:B12,1)
=QUARTILE.EXC(B2:B12,1)
=QUARTILE(B2:B12,1)
```

வரும் விடைகள் 38, 34, 38. கடைசியில் இருக்கும் 1 என்பது முதலாம் காலணை. அதை 3 என்று மாற்றினால் மூன்றாம் காலணை 66.5, 72, 66.5 என்று வரும். 2 என்று போட்டால் மூன்றுமே 53. நட்டநடுப் புள்ளியான இடையத்தில் மட்டும் சண்டை இல்லை.

QUARTILE என்ற வெறும் பெயர் பழையது. எக்செல் 2010இல்தான் inclusive, exclusive என்பவற்றின் சுருக்கமான .INC, .EXC என்ற இரண்டும் வந்தன. பழைய சார்பு செய்துகொண்டிருந்த கணக்குக்கே .INC என்று பெயரிட்டார்கள். பழைய கோப்புகள் குழம்பக் கூடாது என்பதற்காக QUARTILE இன்றைக்கும் விடப்பட்டிருக்கிறது. ஆகவே யாராவது தந்த பழைய கோப்பில் அது இருந்தால் INC என்றே வாசியுங்கள். PERCENTILE சார்புக்கும் கதை இதேதான்.

வேலிக் கதியால்களை எண்ணிப் பார்ப்போம்

புள்ளிகளை ஏறுவரிசையில் எழுதுங்கள்.

18, 27, 34, 42, 47, 53, 58, 61, 72, 79, 91

இவற்றை ஒரு வேலியின் பதினொரு கதியால்களாக நினையுங்கள். பதினொரு கதியால்களுக்கு இடையில் பத்து இடைவெளிகள். INC முதற் கதியாலில் நின்று அளக்கத் தொடங்குகிறது, கடைசிக் கதியாலில் முடிக்கிறது. பத்து இடைவெளியின் கால்வாசி இரண்டரை. முதற் கதியாலிலிருந்து இரண்டரை இடைவெளி நடந்தால் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நட்டநடுவில் போய் நிற்பீர்கள். அங்கே 34உம் 42உம் இருக்கின்றன, நடுவில் 38.

EXC வேலிக்கு வெளியிலும் இடம் விடுகிறது. முதற் கதியாலுக்கு முன்னால் ஓர் இடைவெளி, கடைசிக் கதியாலுக்குப் பின்னால் ஓர் இடைவெளி என்று சேர்த்துக்கொண்டு மொத்தம் பன்னிரண்டாக எண்ணுகிறது. பன்னிரண்டின் கால்வாசி மூன்று. வெளியிலிருந்து மூன்று இடைவெளி நடந்தால் சரியாக மூன்றாவது கதியால், அதாவது 34. பள்ளிக்கூடத்தில் படித்த (n+1)/4 ஆவது இடம் என்பது இதுதான். n என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை. ரீச்சரின் விடை EXC உடன் பொருந்தியதற்குக் காரணம் அதுவே.

சூத்திரமாக எழுதினால், INC தேடும் இடம் 1 + (n−1)×p, EXC தேடும் இடம் (n+1)×p. p என்பது முதலாம் காலணைக்கு 0.25, மூன்றாம் காலணைக்கு 0.75. இடம் முழு எண்ணாக வராவிட்டால் இரண்டு சார்புகளுமே பக்கத்திலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையில் விகிதப்படி நகர்ந்து நிற்கும். நம்பிக்கை வராவிட்டால் இப்படிச் சரிபார்க்கலாம்.

```
=SMALL(B2:B12,3)+0.5*(SMALL(B2:B12,4)-SMALL(B2:B12,3))
```

SMALL சார்பு சிறியதிலிருந்து எண்ணி மூன்றாவது, நான்காவது புள்ளிகளை எடுத்துத் தரும். 0.5 என்பது நாம் நிற்கும் அந்த அரை இடைவெளி. விடை 38.

பெயர்களுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. சிலர் கையால் செய்யும்போது பட்டியலை இரண்டாகப் பிரித்து, கீழ்ப் பாதியின் நடுப் புள்ளியை முதலாம் காலணை என்பார்கள். பதினொரு பேரில் நடுவில் நிற்பது 53. அவரை இரண்டு பாதியிலும் சேர்த்துக்கொண்டால் கீழ்ப் பாதியில் ஆறு பேர், நடு 38. அவரை இரண்டிலும் விட்டுவிட்டால் ஐந்து பேர், நடு 34. சேர்த்தால் INC, விலக்கினால் EXC. ஒற்றை எண்ணிக்கையில் இந்தக் கை வழி பிசகாது. இரட்டை எண்ணிக்கையில் பிசகும். 91 எடுத்த பிள்ளை அன்று வராமல் பத்துப் பேர் மட்டும் எழுதியிருந்தால், பாதியாகப் பிரிப்பவருக்கு 34 கிடைக்கும், INC 36 என்னும், EXC 32.25 என்னும். ஒரே பட்டியலுக்கு மூன்று விடைகள், மூன்றும் அதனதன் முறைப்படி சரி. கையால் செய்தவருடைய விடை எக்செல்லோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் அவர் எந்த வழியில் செய்தார் என்று கேளுங்கள்.

எப்போதும் அரைக் கதியால்தான்

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. மேலே உள்ள இரண்டு சூத்திரங்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். n வெட்டுப்பட்டுப் போய் 1−2p மட்டும் மிஞ்சும். முதலாம் காலணையில் INC எப்போதும் அரை இடம் மேலே நிற்கும். மூன்றாம் காலணையில் அரை இடம் கீழே நிற்கும். இடையத்தில் வித்தியாசம் பூச்சியம். பதினொரு பேர் என்றாலும் ஆயிரம் பேர் என்றாலும் இதே அரை இடம்தான்.

அப்படியானால் பெரிய பட்டியல்களில் இரண்டும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன? அங்கே அரை இடம் என்பது அரைப் புள்ளிகூட இல்லை. ஆயிரம் பேர் எழுதிய பரீட்சையில் அந்த இடத்தில் ஒரே புள்ளி எடுத்தவர்கள் பலர் அடுத்தடுத்து நிற்பார்கள். நம் பட்டியலிலோ 34க்கும் 42க்கும் இடையில் ஆளே இல்லை. எட்டுப் புள்ளி இடைவெளியின் பாதி நான்கு, அதுதான் எனக்கும் ரீச்சருக்கும் இடையில் வந்த வித்தியாசம். மேலே 61க்கும் 72க்கும் இடையில் பதினொன்று, அதன் பாதி 5.5. மூன்றாம் காலணையிலிருந்து முதலாம் காலணையைக் கழித்து வரும் காலணையிடை வீச்சை எடுத்தால் இரண்டும் கூடிவிடும்: INC வழியில் 28.5, EXC வழியில் 38. ஒருவர் வகுப்பின் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன என்பார், மற்றவர் பரந்து கிடக்கின்றன என்பார்.

யார் உள்ளே, யார் வெளியே

எண் மாறினாலும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் மாறுகிறதா என்பதுதான் கடைசியில் பார்க்க வேண்டியது. "முதலாம் காலணைக்குக் கீழே" என்று ரீச்சர் சொன்னதை அப்படியே எடுத்தால், INC வழியில் 38க்குக் கீழே மூன்று பேர்: 18, 27, 34. EXC வழியில் 34க்குக் கீழே இரண்டு பேர்தான், ஏனென்றால் 34 எடுத்த பிள்ளை எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறாள். "காலணையும் அதற்குக் கீழும்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் இரண்டு வழியிலும் அதே மூன்று பேர். EXC சில வேளைகளில் இப்படி ஒரு பிள்ளையின் புள்ளியிலேயே போய் நிற்கும் என்பதால், அதைப் பயன்படுத்துபவர்கள் < போடுவதா <= போடுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

```
=COUNTIF(B2:B12,"<"&QUARTILE.EXC(B2:B12,1))
=COUNTIF(B2:B12,"<="&QUARTILE.EXC(B2:B12,1))
```

முதலாவது 2 தரும், இரண்டாவது 3 தரும்.

ஓரங்களுக்குப் போகப் போக வித்தியாசம் பெரிதாகும். பர்சன்டைல் என்று எல்லோரும் சொல்லும் சதமணையை எடுங்கள். 90ஆம் சதமணையும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குப் பரிசு என்று வைத்துக்கொள்வோம்.

```
=PERCENTILE.INC(B2:B12,0.9)
=PERCENTILE.EXC(B2:B12,0.9)
```

INC சொல்வது 79, EXC சொல்வது 88.6. INC சரியாகப் பத்தாவது பிள்ளையில் நிற்கிறது. EXC 10.8ஆவது இடத்துக்குப் போய், 79க்கும் 91க்கும் இடையிலுள்ள பன்னிரண்டில் 0.8 பங்கை ஏறிவிட்டது. முதல் வழியில் இரண்டு பிள்ளைகளுக்குப் பரிசு, இரண்டாம் வழியில் ஒரு பிள்ளைக்கு. இங்கே < போடுவதா <= போடுவதா என்ற சிக்கலும் சேர்கிறது: 79க்கு மேல் என்று மட்டும் எடுத்தால் INC வழியிலும் ஒரு பிள்ளைதான். பரிசை அறிவிப்பதற்கு முன்பே எந்தச் சார்பு என்று தீர்மானித்து எழுதி வைத்துவிடுங்கள். புள்ளிகளைப் பார்த்த பிறகு தெரிவு செய்தால் அது பிள்ளையைத் தெரிவு செய்வதாகிவிடும்.

#NUM! வந்தால்

அதே சூத்திரத்தில் 0.9ஐ 0.95 ஆக்குங்கள். INC 85 என்று தரும். EXC #NUM! என்ற வழுவைக் காட்டும். கோப்பு பழுதாகவில்லை. பதினொரு பேருக்கு 0.95 என்றால் EXC தேடும் இடம் 11.4. அது கடைசிக் கதியாலையும் தாண்டி வெளியில் விட்ட இடைவெளிக்குள் போய்விட்டது, அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. EXC விடை தரக்கூடிய எல்லை 1/(n+1) இலிருந்து n/(n+1) வரைதான். நமக்கு அது ஏறத்தாழ 0.083 முதல் 0.917 வரை. 0.95 வேண்டுமானால் பட்டியலில் 19 பேராவது இருக்க வேண்டும். இதே காரணத்தால் QUARTILE.EXC இல் 0, 4 இரண்டும் வழுவைத் தரும். QUARTILE.INC இல் அவை மிகக் குறைந்த புள்ளியையும் மிகக் கூடிய புள்ளியையும் தரும்.

இந்த வழுவைக் கண்டதும் பலர் .EXC ஐ அழித்து .INC என்று மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். விடை வந்துவிடும்தான். ஆனால் அந்த 85, இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் கோடு இழுத்து எடுத்த ஓர் எண். பதினொரு பேரை வைத்து 95ஆம் சதமணை பேசுவதற்குப் போதிய ஆட்கள் இல்லை என்பதைத்தான் EXC சொல்ல வந்தது. நான் அப்படியான இடத்தில் சதமணையை விட்டுவிட்டு, முதல் இரண்டு பேரின் புள்ளிகளை நேரே எழுதிவிடுவேன்.

இரண்டு சார்புகளும் சேர்ந்து #NUM! காட்டினால் காரணம் வேறு. 0.9 என்று போட வேண்டிய இடத்தில் 90 என்று போட்டிருப்பீர்கள். 90% என்று போட்டாலும் சரி.

விடை வந்தும் பிழையாக இருப்பது

வழு காட்டினால் தெரிந்துவிடும். அது காட்டாமல் விடை மாறுவதுதான் ஆபத்து. சிறிய பட்டியலில் ஒரு கலம் கூடினாலும் குறைந்தாலும் காலணை நகரும்.

பன்னிரண்டாவது பிள்ளை ஒருவர் இருந்து, பரீட்சைக்கு வரவில்லை என்று வையுங்கள். அவருடைய கலத்தை வெறுமையாக விட்டாலோ "வரவில்லை" என்று எழுதினாலோ சார்பு அவரை எண்ணாது, விடை மாறாது. 0 என்று போட்டால் அவர் பூச்சியம் எடுத்தவராகிவிடுவார். அப்போது INC 32.25 ஆகவும் EXC 28.75 ஆகவும் இறங்கிவிடும். INC இப்போது ரீச்சரின் 34க்குக் கிட்ட வந்துவிட்டதால், 'இப்ப சரி' என்று எவரும் ஏமாறலாம்.

எதிர்த் திசையிலும் நடக்கும். தொலைபேசியில் வந்த பட்டியலைப் பிரதி செய்து ஒட்டும்போது சில எண்கள் எழுத்தாகவே வந்து விழும். பார்வைக்கு 34 என்றுதான் தெரியும், ஆனால் கலத்தில் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். சார்பு அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அந்த ஒரு 34 எழுத்தாக இருந்தால் INC 38க்குப் பதில் 43.25 தரும். ஆகவே காலணை காண்பதற்கு முன் எப்போதும் இதைப் போட்டுப் பாருங்கள்.

```
=COUNT(B2:B12)
```

பரீட்சை எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கை வர வேண்டும், இங்கே 11. அது பொருந்தாத வரைக்கும் INC, EXC என்று யோசிப்பதில் பயனில்லை.

பெட்டி வரைபடம் தானாக எடுக்கும் முடிவு

எக்செல் 2016இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் Box and Whisker என்ற வரைபடம் உண்டு. நம் பட்டியலுக்கு அதைப் போட்டால் பெட்டியின் கீழ் விளிம்பு 34இல் நிற்கும். பக்கத்துக் கலத்தில் QUARTILE போட்டு வைத்திருப்பவருக்கு 38 தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு விடைகள். வரைபடம் தானாக எடுத்துக்கொள்வது விலக்கும் முறையை, பழைய QUARTILE செய்வது சேர்க்கும் முறையை. பெட்டியின் மேல் வலது சொடுக்கி Format Data Series திறந்தால் Quartile Calculation என்று ஒரு பகுதி இருக்கும். அதில் Inclusive median என்பதைத் தெரிவு செய்யுங்கள், பெட்டி சுருங்கி 38க்கும் 66.5க்கும் வந்து நிற்கும். வரைபடமும் அட்டவணையும் ஒரே முறையில் இருக்கின்றனவா என்பதை அச்சிடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

கூகிள் ஷீட்ஸிலும் லிபர் ஆபிஸ் கல்கிலும் இதே பெயர்களில் இரண்டு சார்புகளும் இருக்கின்றன. பைதான் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: statistics.quantiles தானாக EXC வழியில் போகும், numpy.percentile தானாக INC வழியில் போகும்.

எதைப் போடுவது

கையில் இருப்பதுதான் முழுப் பட்டியல், இந்தப் பதினொரு பேரைப் பற்றி மட்டும்தான் பேச்சு என்றால் INC பொருத்தம். முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும்தான் அங்கே உண்மையான எல்லைகள். இந்தப் பதினொரு பேரை ஒரு பெரிய கூட்டத்தின் மாதிரியாக எடுக்கிறீர்கள் என்றால், கூட்டத்தில் 18க்குக் கீழேயும் 91க்கு மேலேயும் எடுப்பவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காக வெளியில் இடைவெளி விடும் EXC பொருத்தம். இது நான் பின்பற்றும் வழக்கம், கட்டாய விதி அல்ல. புள்ளிவிபரத் துறையிலேயே ஒரு முறைதான் சரி என்ற உடன்பாடு இல்லை. ஹைன்ட்மன், ஃபான் என்ற இருவர் 1996இல் எழுதிய கட்டுரையில் மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒன்பது முறைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நம் INC அதில் ஏழாவது, EXC ஆறாவது.

பிள்ளைகளே கையால் செய்து ஒப்பிடக்கூடிய பட்டியல் என்றால் எனக்கு மறுபேச்சு இல்லை, EXC தான். அவர்களின் கொப்பியில் (n+1)/4 இருக்கும்போது சுவரில் ஒட்டிய தாளில் வேறு விடை இருக்கக் கூடாது. ரீச்சரோடு பேசி நாங்கள் முடிவெடுத்ததும் அதுவே. தாளின் அடியில் "காலணைகள் QUARTILE.EXC, n = 11; காலணையும் அதற்குக் கீழும்" என்று ஒரு வரி எழுதினேன். மூன்று பிள்ளைகள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார்கள்.

அந்தத் தாளிலிருந்து ஒரு நிரலை மட்டும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் எந்தச் சதமணையில் நிற்கிறார் என்று காட்ட PERCENTRANK.INC போட்டிருந்தேன். சேர்க்கும் முறையில் முதற் கதியால் பூச்சியத்தில்தான் தொடங்கும். ஆகவே 18 எடுத்த பிள்ளையின் பெயருக்கு நேரே 0 என்று விழுந்திருந்தது. PERCENTRANK.EXC போட்டால் அதே பிள்ளைக்கு 0.083 வரும். ரீச்சர் அந்தப் பூச்சியத்தின் மேல் விரலை வைத்து, "இதை அந்தப் பிள்ளையின்ர தாய் பாத்தா என்னெண்டு விளங்குவா?" என்று கேட்டார். அந்த நிரலை அழித்துவிட்டு, 18 என்ற புள்ளியை மட்டும் விட்டு அச்சிட்டோம்.